பாலர்க்கேற்ற பட அகராதி

(சங்க மண்டபத்தில் இளம் பெற்றார்க்காக நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டிலே தமிழ் பேசி வளரும் மூன்று அல்லது நான்கு வயதுப் பிள்ளைக்கு முதல் ஆங்கிலச் சொற்களைக் காட்டிக் கொடுப்பதற்கு எந்தப் பட அகராதியை வாங்கலாம் என்பதே இன்று என்னிடம் விடப்பட்ட கேள்வி. ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டால் உங்களுக்கும் எனக்கும் எளிது. ஆனால் வெள்ளவத்தையில் காலி வீதியிலுள்ள கடைகளுக்கு இம்மாதம் வந்த புத்தகம் அடுத்த மாதம் இருப்பதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து செட்டியார் தெருவுக்கு நடந்து போய்க் கேட்டாலும் அதே கதைதான். ஆகவே, எந்தப் புத்தகம் கையிற் கிடைத்தாலும் அதைக் கடையிலேயே நின்று சோதித்துப் பார்க்கும் வழியைச் சொல்லுவதே பயனுடைத்து என்று கருதுகின்றேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். ஆங்கிலம் கற்பிக்கும் பட அகராதியை, அதிலுள்ள ஆங்கிலத்தைப் பார்த்து வாங்கக் கூடாது; நம் பிள்ளையின் வாயிலே ஏற்கெனவே இருக்கும் தமிழைப் பார்த்தே வாங்க வேண்டும். ஒரு படத்தைக் கண்டவுடன் பிள்ளை தமிழிலே பெயர் சொல்லுமானால், அந்தப் பொருள் அதன் மனத்திலே உண்டு. இனி வேண்டுவது அதற்கு இன்னொரு பெயர் மட்டுமே. தமிழிலும் பெயர் சொல்லத் தெரியாத படமாயின், பொருளும் புதிது, பெயரும் புதிது. இரண்டையும் ஒருங்கே சுமக்கும்படி மூன்று வயதுப் பிள்ளையை நாம் கேட்கின்றோம்.

இது இன்று நேற்று எழுந்த எண்ணமன்று. ஐரோப்பாவிலே மொராவியா என்னும் நாட்டிற் பிறந்த கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர், பிள்ளைகள் இலத்தீன் மொழியைக் கற்பதற்கென ஒரு படப் புத்தகத்தைச் செய்தார். அது 1658ஆம் ஆண்டில் நூரம்பேர்க் நகரில் அச்சாயிற்று. யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிய அதே ஆண்டு. ஏறக்குறைய 150 படங்கள். ஒவ்வொரு படத்திலும் உள்ள பொருள்களுக்குச் சிறு இலக்கம் இடப்பட்டிருக்கும். பக்கத்திலே அதே இலக்கத்துடன் இலத்தீன் சொல்லும் பிள்ளையின் சொந்த மொழியாகிய ஜெர்மன் சொல்லும் அருகருகே நிற்கும். மறு ஆண்டே அது ஆங்கிலத்திற்குப் பெயர்க்கப்பட்டது. இன்று நாம் கடையிலே காணும் பட அகராதிகளெல்லாம் அந்தப் புத்தகத்தின் பேரன் பேர்த்திகளே எனலாம். அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: ஜெர்மன் பிள்ளைக்கு அது தன் வீட்டு ஜெர்மன் மொழியிலே பேசிற்று. நம் கடைகளிலே கிடைக்கும் புத்தகங்கள் நம் பிள்ளைக்கு நம் வீட்டுத் தமிழிலே பேசுகின்றனவா என்பதே கேள்வி.

கொழும்பில் நாம் காண்பவை பெரும்பாலும் மூன்று வகை. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ செய்யப்பட்டு ஆங்கிலம் மட்டும் உள்ளவை ஒன்று. இந்தியாவில் அச்சாகி ஆங்கிலமும் தமிழும் உள்ளவை இரண்டாவது. இங்கேயே அச்சாகிச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றும் உள்ளவை மூன்றாவது. பெரும்பாலான பெற்றார் இரண்டாம் வகையையே கையில் எடுக்கின்றனர். தமிழும் இருக்கின்றது, ஆங்கிலமும் இருக்கின்றது, வேறென்ன வேண்டும் என்று நினைக்கின்றனர். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகின்றது.

ஒரு வீட்டிலே நடந்ததைச் சொல்லுகின்றேன். கொட்டாஞ்சேனையிலே எனக்கு உறவான ஒரு குடும்பம். தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகின்றவர்கள். மூன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பகல் முழுவதும் பார்ப்பவர் அம்மம்மா. தகப்பனார் இரண்டு புத்தகங்களைக் கொண்டுவந்து, எது நல்லது என்று என்னைக் கேட்டார். ஒன்று ஆங்கிலமும் தமிழும் உள்ளது, அகரவரிசையில் அமைந்தது. மற்றையது ஆங்கிலம் மட்டும் உள்ளது. வீடு, சமையலறை, தெரு, சந்தை என்று இடம் இடமாகப் பிரித்தது. நான் விடை சொல்லவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும்படி அம்மம்மாவிடம் சொல்லி, ஒவ்வொரு புத்தகத்திலும் வாய்த்த பக்கங்களைத் திறந்து, இருபது இருபது படங்களைக் காட்டினோம். "இது என்ன, பிள்ளை?" என்பது மட்டுமே கேள்வி. வேறு துணை கிடையாது.

முதற் புத்தகத்தில் இருபதில் பதினொன்றுக்குப் பிள்ளை பெயர் சொன்னாள். மற்ற ஒன்பதில், பனிக்கட்டியாற் கட்டிய வீடு, இமயமலைச் சடைமாடு, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் ஒரு வாத்தியம், இறகுப் பேனை ஆகியவை இருந்தன. நரியைக் கண்டு "நாய்" என்றாள். கொட்டாஞ்சேனையில் நரிக்கு அவள் எங்கே போவாள்? இனி, பெயர் சொன்ன பதினொன்றில் அவள் சொன்ன தமிழும் புத்தகத்தில் அச்சான தமிழும் ஒன்றாயிருந்தவை ஐந்து மட்டுமே. அவள் கதிரை என்றாள். புத்தகம் நாற்காலி என்றது. அவள் பாண் என்றாள். புத்தகம் ரொட்டி என்றது. நம் வீட்டிலே ரொட்டி என்றால் தேங்காய்ப்பூப் போட்டுச் சுடும் வேறொரு பொருளன்றோ! அவள் சப்பாத்து என்றதைப் புத்தகம் காலணி என்றது; தோடம்பழத்தை ஆரஞ்சு என்றது; கோவாவை முட்டைக்கோஸ் என்றது; பஸ்ஸைப் பேருந்து என்றது.

இரண்டாம் புத்தகத்தில் இருபதில் பதினேழுக்குப் பெயர் சொன்னாள். அதிலே அச்சான தமிழே இல்லாமையால் முரண்படவும் ஒன்றுமில்லை. இதைக் கண்ட அம்மம்மா, "இந்தப் புத்தகத்திலை தமிழ் ஒரு சொல்லும் இல்லையே, தம்பி?" என்று குறைப்பட்டுக்கொண்டார். "தமிழ் சொல்ல நீங்கள் இருக்கிறீங்கள்தானே, மாமி" என்றேன். முகஸ்துதிக்காகச் சொன்னதன்று. மூன்றரை வயதுப் பிள்ளை எழுத்தை வாசிக்கப் போவதில்லை; அருகில் இருப்பவர் சொல்லுவதைத்தான் கேட்கப் போகின்றது. அச்சிலே நாற்காலி என்றிருந்தால், வாசிக்கத் தெரிந்த அம்மம்மா அதைத்தான் வாசிப்பார். தான் அமர்ந்திருக்கும் கதிரைக்குப் பிள்ளை ஒரே நாளில் நாற்காலி என்றும் 'செயார்' என்றும் இரண்டு புதுப்பெயர் கேட்கும். எது தமிழ், எது ஆங்கிலம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இவ்விடத்திலே நம் பெரியோர் சிலர் தடை எழுப்புவர் என்பதை அறிவேன். "கதிரை போர்த்துக்கீசச் சொல், நாற்காலி அல்லவோ நல்ல தமிழ்? பிள்ளைக்கு நல்ல தமிழைக் கொடுக்கும் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லலாமா?" என்பர். உண்மைதான். கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண், யன்னல் ஆகியவை போர்த்துக்கீசர் விட்டுச் சென்றவை. லாச்சியும் போஞ்சியும் கந்தோரும் ஒல்லாந்தர் தந்தவை. 1656இல் கொழும்பைப் போர்த்துக்கீசர் இழந்தனர். அவர்கள் போன பிறகும் கதிரை போகவில்லை. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் தாய்மார் வாயில் வழங்கிய சொல்லை மூன்று வயதுப் பிள்ளையிடமிருந்து பறிப்பதால் தமிழ் தூய்மையடைந்துவிடாது. நாற்காலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பிள்ளை வாசிக்கத் தொடங்கிய பின் கதைப் புத்தகங்களில் தானே வரும். அப்பொழுது, 'கதிரையைத்தான் நாலு கால் உள்ளதால் நாற்காலி என்கிறார்கள்' என்று சொன்னால், பிள்ளை மகிழ்ந்து ஏற்கும். காலமறிந்து கொடுக்க வேண்டியதை முந்திக் கொடுப்பதே தவறு. சென்னையிலுள்ள பிள்ளைக்கு அதே புத்தகம் முற்றிலும் பொருந்தலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குற்றம் புத்தகத்தினுடையதன்று, அது வேறு வீட்டுப் பிள்ளைக்காகச் செய்யப்பட்டது.

இரண்டு புத்தகங்களில் இடம் இடமாகப் பிரித்ததற்கு மதிப்பெண் கூடியது தற்செயலன்று. அகரவரிசைப் புத்தகம் செய்பவர் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருளைத் தேடிப் பிடிக்க வேண்டியவராகின்றார். ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகளில் சிலவற்றுக்குப் பிள்ளையின் உலகத்திலே பொருளே கிடையாது. அதனாலேதான் சடைமாடும் பனிவீடும் மரத்தட்டு வாத்தியமும் எல்லாப் புத்தகங்களிலும் இடம்பெறுகின்றன. எழுத்துக்காகப் பொருள் வந்ததே தவிரப் பிள்ளைக்காக வரவில்லை.

இதிலும் ஆழமான ஒரு சிக்கல் உண்டு; அது தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரியது. தமிழிலே எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் ஒன்று. அ என்று சொன்னால் அம்மாவின் முதல் ஒலி வந்துவிட்டது. ஆ என்றால் ஆடு தொடங்கிவிட்டது. இந்த ஒழுங்கை நம் பிள்ளை ஏடு தொடக்குவதற்கு முன்பே காதால் அறிந்துகொள்கின்றது. ஆங்கிலத்திலோ மூன்றாம் எழுத்தின் பெயர் 'சீ'. அதன் அருகில் உள்ள படம் பூனை. பூனையின் ஆங்கிலப் பெயரோ ககர ஒலியிலே தொடங்குகின்றது. 'டபிள்யூ' என்னும் எழுத்தின் பெயரிலே அந்த எழுத்தின் ஒலி எங்கே இருக்கின்றது? ஏழாம் எழுத்திலே ஆட்டையும் ஒட்டகச்சிவிங்கியையும் ஒரே பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஒன்றின் பெயர் ககரத்தை மெலிதாக்கியது போலத் தொடங்கும், மற்றதன் பெயர் ஜகரத்திலே தொடங்கும். பதினோராம் எழுத்தின் கீழே கத்தியை வைத்திருப்பார்கள். அச்சொல்லைச் சொல்லும்போது அந்த எழுத்து ஒலிப்பதே இல்லை. அகரவரிசை என்பது எழுத்தறிந்தவன் சொல்லைத் தேடுவதற்கான வழி. எழுத்தறியாப் பிள்ளைக்கு அது வழியாகாது. அது சொற்களைத் தேடுவது இடத்தாலே: சமையலறையில் என்ன இருக்கின்றது, குளியலறையில் என்ன இருக்கின்றது என்பதாலே. அகரவரிசைப் புத்தகந்தான் கிடைத்தது என்றால், எழுத்தின் பெயரைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டிப் பயன்படுத்துங்கள்.

இடவாரியான புத்தகங்களில் இரண்டைப் பற்றிப் பலரும் கேட்பதால் ஒரு வார்த்தை. 1963இல் அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் ஸ்கேரி செய்த சொற்புத்தகம் பெயர் பெற்றது. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட பொருள்கள் அதிலே உண்டு. ஆயின் கரடியும் முயலும் பன்றியும் சட்டை போட்டு மோட்டார் ஓட்டும். ஆறு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துச் சிரிக்கும். மூன்று வயதில், அது கரடியா சாரதியா என்ற குழப்பமே மிஞ்சும். 1979இல் இங்கிலாந்திலே வெளிவந்த ஹெதர் ஏமரியின் முதல் ஆயிரம் சொற்கள் என்னும் நூல், ஸ்டீவன் கார்ட்ரைட் வரைந்த படங்களோடு அமைந்தது. விரிந்த பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் வாத்து ஒளிந்திருக்கும். பெரிய காட்சியைச் சுற்றி ஒவ்வொரு பொருளும் தனித்தனியே மீண்டும் வரையப்பட்டிருக்கும். அமைப்பிலே மிக நல்லது. ஆனால் ஆயிரம் சொல் மூன்று வயதுக்கு அதிகம். ஐந்துக்குப் பிறகே பலன் கொடுக்கும். முதற் புத்தகத்திற்கு நூறு முதல் இருநூறு படங்கள் போதும் என்பதும், விரிந்த பக்கத்தில் எட்டு அல்லது பத்துக்கு மேல் வேண்டாம் என்பதும் என் அனுபவம்.

அடுத்து, ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்திலே அச்சிட்டிருக்கும் புத்தகங்கள். ஆங்கிலம் அவ்வளவு பழகாத அம்மம்மாவுக்கு இது பெரிய உதவி என்று தோன்றும். ஐயப்படுவதற்கு இடமுண்டு. 'பேக்' என்று எழுதியிருக்கின்றது. இது தோளிற் கொழுவும் பையா, முதுகா, பொதி கட்டுதலா? மூன்றும் ஆங்கிலத்திலே மூன்று வெவ்வேறு சொற்கள், வெவ்வேறு ஒலிகள். தமிழிலே எழுதினால் ஒன்றே. 'சூ' என்று எழுதினால் அது சப்பாத்தாகவும் இருக்கலாம், மிருகக்காட்சிச்சாலையாகவும் இருக்கலாம், மெல்லுதலாகவும் இருக்கலாம். காற்றாடியின் ஆங்கிலப் பெயரைப் 'பேன்' என்று அச்சிட்ட பக்கத்தைக் கண்டு ஓர் அம்மம்மா தலையைச் சொறிந்ததை நான் நேரிலே பார்த்திருக்கின்றேன். போதாததற்கு, தகரத்துக்கும் டகரத்துக்கும் இடையிலுள்ள அந்த ஆங்கில ஒலியை இலங்கையில் நாம் ரகரத்தால் எழுதுவது வழக்கம். ரீச்சர், ரயர், ரொபி என்போம். தமிழகத்து அச்சிலே டீச்சர், டயர், டாபி என்று வரும். நம் வழக்கிலே பழகியவர் அதை வாசிக்கும்போது ஒலி இன்னும் ஒரு படி தள்ளிப் போகும்.

இது தமிழ் எழுத்தின் குறையன்று. தமிழுக்கு வேண்டிய ஒலிகளைத் தமிழெழுத்து ஐயமின்றிக் காட்டும். பிறமொழி ஒலிக்கு அது செய்யப்படவில்லை. ஆகவே உச்சரிப்புக்கு எழுத்தை நம்பாமல் காதை நம்புங்கள். இக்காலத்துப் புத்தகங்கள் சிலவற்றிலே சதுரக் குறி ஒன்று அச்சாகியிருக்கும். கைத்தொலைபேசியை அதன்மேற் பிடித்தால் சொல்லை ஒருவர் சொல்லிக் காட்டுவார். அப்படிப்பட்ட புத்தகமாயின், கடையிலேயே குறியைத் திறந்து அது இன்னும் இயங்குகின்றதா என்று பார்த்து வாங்குங்கள். புத்தகம் இருக்க ஒலி மறைந்துபோனவையும் உண்டு. இல்லையென்றால் வீட்டிலே ஆங்கிலம் நன்கு சொல்லக்கூடிய ஒருவர் மாலையிலே ஆங்கிலப் பெயரைச் சொல்லட்டும். பகலிலே அம்மம்மா தமிழ்ப் பெயரைச் சொல்லட்டும். கொட்டாஞ்சேனை வீட்டிலே அப்படித்தான் செய்தனர். அதிலே எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. அதைப் பின்னர் சொல்லுகின்றேன்.

இப்பொழுது கடையிலே நின்று திறக்க வேண்டிய ஒரு பக்கத்தைச் சொல்லுகின்றேன். அது உடலுறுப்புகளின் பக்கம். புத்தகம் செய்தவர் கவனமுள்ளவரா என்பதை அந்த ஒரு பக்கமே காட்டிவிடும். நாம் தோளிலிருந்து விரல்நுனி வரை கை என்போம். ஆங்கிலத்திலே மணிக்கட்டுக்கு மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர். கால் என்று நாம் ஒன்றாகச் சொல்லுவதற்கும் அவ்வாறே இரண்டு பெயர். கைவிரலுக்கும் கால்விரலுக்கும் நாம் விரல் என்னும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றோம். அவர்களுக்கு இரண்டு சொல். ஆகவே படத்திலே பெயரிலிருந்து வரும் கோடு எங்கே போய் முட்டுகின்றது என்று பாருங்கள். முழுக்கையையும் வரைந்து நடுவிலே எங்கோ ஒரு கோட்டைத் தொட்டுவிட்டிருந்தால், பிள்ளை முழங்கையையும் உள்ளங்கையையும் ஒரே பெயரால் அழைக்கும். அந்தப் பகுதிக்கு மட்டும் நிறமிட்டோ, தனியே வரைந்தோ காட்டியிருந்தால், அப்புத்தகத்தை நம்பலாம். மணிக்கூட்டையும் பாருங்கள். சுவரிலே மாட்டினாலும் கையிலே கட்டினாலும் நமக்கு மணிக்கூடு; ஆங்கிலத்திற்கு இரண்டும் வேறு. நல்ல புத்தகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

எதிர்ப்புறமாகவும் இது நிகழும். வயலிலே நெல், சுளகிலே அரிசி, கோப்பையிலே சோறு என்று நாம் பிரித்துச் சொல்லுவதில் பின்னிரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் முடித்துவிடும். அண்ணன் தம்பி இருவரும் அங்கே ஒருவரே. மாமா, பெரியப்பா, சித்தப்பா எல்லாருக்கும் ஒரே பெயர். குடும்பப் படம் உள்ள பக்கத்திலே இதுதான் பெரிய வில்லங்கம். 'அங்கிள்' என்று ஒரு படத்தின் கீழே இருக்க, அதற்குத் தமிழ் மாமா என்று மட்டும் அச்சாகியிருந்தால், சித்தப்பாவுக்கு அந்த வீட்டிலே இடமில்லாமற் போய்விடும். நான் சொல்லுவது இது: உறவுமுறைப் பக்கத்தைப் புத்தகத்தில் வைத்துக் கற்பிக்கவே வேண்டாம். நம் வீட்டு நிழற்படங்களை எடுத்து, ஒவ்வொருவரையும் தமிழ் உறவுமுறையாலே அழைக்கப் பழக்குங்கள். ஆங்கில உறவுப் பெயர்கள் பள்ளிக்கூடத்திலே வந்து சேரும்.

மூன்று மொழியும் உள்ள புத்தகம் நல்லதா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பிலே வளரும் பிள்ளை கீழ்வீட்டுப் பிள்ளையோடு விளையாடி, கதிரைக்குப் 'புட்டுவ' என்ற பெயரையும் கொண்டுவரும். அது மிக நல்லது, தடுக்காதீர்கள். புத்தகத்திலே மூன்றாம் வரி இருப்பதாலே தீமை இல்லை. இங்கே அச்சாவதால் தமிழும் நம் தமிழாகவே இருக்க வாய்ப்புண்டு. ஆனால் மூன்று வரிக்கு இடம் விடப் படம் தபால்முத்திரை அளவுக்குச் சிறுத்துவிடுகின்றதா என்று பாருங்கள். படம் பிள்ளையின் உள்ளங்கை அளவாவது இருக்க வேண்டும். தமிழ் வரியிலே எழுத்துப்பிழையையும் தேடுங்கள். ளகர ழகரமும் றகர ரகரமும் மாறிக் கிடந்தால், அப்புத்தகத்தைத் தமிழறிந்தவர் யாரும் அச்சேறுமுன் பார்க்கவில்லை என்பது வெளிச்சம்.

தாளைத் திறந்தால் மடிப்பிலிருந்து பொருள் எழும்புவதும், இழுத்தால் வாலாட்டுவதுமான புத்தகங்களுக்கு விலை அதிகம். தாத்தாமார் அவற்றையே விரும்பி வாங்கிக் கொடுக்கின்றனர். 2010இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இதைப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தனர். எழும்பும் படப் புத்தகத்தைவிட, சாதாரணப் படம் உள்ள புத்தகத்திலிருந்தே பிள்ளைகள் கூடுதலாகக் கற்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. கையின் வேலை மிகுந்தால் காதின் வேலை குறைகின்றது போலும். கடற்கரையோரத்து வீடுகளுக்கு இன்னொன்று: கம்பியாற் குத்திய புத்தகத்தை வாங்காதீர்கள், வெள்ளவத்தையின் உப்புக்காற்றிலே கம்பி துருப்பிடித்துத் தாளையும் கறைப்படுத்தும். நூலால் தைத்த தடித்த அட்டைப் புத்தகமே நிலைக்கும்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்புவோம். இரண்டாம் புத்தகத்தையே வைத்துக்கொண்டனர். அதற்கும் குறையுண்டு. அதன் சமையலறையிலே ரொட்டி வாட்டும் பொறி இருக்கின்றது, துருவலை இல்லை. தெருவிலே பனிமனிதன் நிற்கின்றான், இளநீர் வண்டி இல்லை. ஆகவே பின்னட்டையோடு நாலு வெற்றுத்தாள்களைத் தைத்து, துருவலை, அம்மி, குத்துவிளக்கு, இடியப்ப உரல் ஆகியவற்றின் படங்களை ஒட்டினர். தாய் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயர் எழுத முற்பட்டார். நான் வேண்டாம் என்றேன். இடியப்ப உரலுக்கு ஆங்கிலப் பெயர் தேடி ஒரு நீண்ட சொற்றொடரை உண்டாக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பதிலே பொருளில்லை. எல்லாப் பொருளுக்கும் இரண்டு பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லையே.

மூன்றாம் கிழமையளவில் தகப்பனார் கவலையோடு வந்தார். "இது கப்" என்று அவர் சொன்னால், "இல்லை, கோப்பை" என்று பிள்ளை மறுக்கின்றாளாம். அவள் மந்தமோ என்று அவருக்கு அச்சம். அச்சப்படக் காரணமில்லை. ஒரு பொருளுக்கு ஒரு பெயரே உண்டு என்று எண்ணுவது இவ்வயதுப் பிள்ளைகளின் இயல்பு. பெயர் தெரிந்த பொருளுக்கு மறுபெயர் சொன்னால் அது வேறு எதன் பெயரோ என்று தேடுவார்கள். எலன் மார்க்மன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1988இல் இதை ஆராய்ந்து எழுதியுள்ளார். அவள் மறுத்தது, தமிழ்ப் பெயரை உறுதியாகப் பற்றிக்கொண்டிருக்கின்றாள் என்பதற்கே அடையாளம். "அம்மம்மா கோப்பை என்பார், அப்பா கப் என்பேன்" என்று சொல்லும்படி கூறினேன். முன்னர் நான் குறித்த நன்மை இதுவே. பகலில் ஒருவரும் மாலையில் ஒருவரும் சொல்லி வந்தமையால், இரண்டு பெயரும் இரண்டு ஆட்களோடு ஒட்டிக்கொண்டன. இரண்டு மொழி என்பதை அவள் இரண்டு ஆட்களாகவே முதலில் விளங்கிக்கொண்டாள். இரண்டு சொல்லையும் ஒரே மூச்சிலே 'நாய் டோக், பூனை கற்' என்று ஒட்டிச் சொல்லிக் கொடுக்கும் வீடுகளிலே, பிள்ளை அதை ஒரே நீண்ட பெயராகக் கொண்டு தெருவிலே நாயைக் கண்டு 'நாய்டோக்' என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கின்றேன்.

புத்தகம் வேலை செய்கின்றதா என்பதை எப்படி அறிவது? பக்கம் புரட்டும் வரிசையிலே பெயர்களை ஒப்புவிப்பதை நம்பாதீர்கள். அது பாட்டுப்போல மனனமானது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சமையலறையிலே நின்றுகொண்டு, "ஸ்பூன் எங்கே, எடுத்துக்கொண்டு வா" என்று கேளுங்கள். கொண்டுவந்தால் சொல் படத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. வாயால் சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. விளங்குவது முன்னே, சொல்லுவது பின்னே. அதே நாளிலே அம்மம்மா "கரண்டி எங்கே?" என்று கேட்டாலும் அதே பொருள் வர வேண்டும். ஆங்கிலப் பெயருக்கு வந்து தமிழ்ப் பெயருக்கு விழிக்குமாயின், ஒரு மாதம் ஆங்கிலப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதே பொருள்களைத் தமிழிலே பேசுங்கள். பகல் முழுவதும் தன்னோடு இருக்கும் அம்மம்மாவோடு பேசச் சொல்லில்லாத பிள்ளைக்கு அவசரமாக வேண்டியது 'ஸ்பூன்' அன்று.

அந்தப் பிள்ளைக்கு இப்பொழுது நாலரை வயது. புத்தகத்தின் ஓரங்கள் தேய்ந்துவிட்டன. ஒட்டிய தாள்கள் ஏழாகிவிட்டன. முதலிலே ஒதுக்கிய அகரவரிசைப் புத்தகத்தை எறிந்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றேன். இரண்டாம் ஆண்டிலே எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியதும் அதை எடுத்துக் கொடுக்கலாம். அப்பொழுது சடைமாட்டையும் அவள் விரும்பக்கூடும்.